கோணம் எந்த வில்லைப் பார்க்கிறது? பத்தாம் வகுப்புக்கு வட்டத்தில் ஏழு வினாக்கள்

நாண், வில், மையக் கோணம் எல்லாம் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குப் பழகிய சொற்கள். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் அவை ஒன்பதாம் வகுப்பிலேயே வந்துவிடுகின்றன. பத்தாம் வகுப்பு வடிவியலில் புதிதாகச் சேர்வது தொடுகோடு. ஆனால் கணக்கு என்று வரும்போது போன வருடம் படித்தது, இந்த வருடம் படித்தது என்ற பிரிவெல்லாம் இருக்காது. ஒரே படத்தில் தொடுகோடும் இருக்கும், நாணும் இருக்கும், பரிதியில் ஒரு கோணமும் இருக்கும். தேற்றங்களை வரிசையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைகள்கூட, அந்தப் படத்தின் முன்னால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நின்றுவிடுவார்கள்.

தொடங்குவதற்கு இரண்டு வழக்கங்கள் கைகொடுக்கும். கேட்டது நீளம் என்றால், மையத்திலிருந்து ஓர் ஆரம் வரையுங்கள். எங்காவது ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கும். கேட்டது கோணம் என்றால், அது எந்த வில்லைப் பார்க்கிறது என்று கேளுங்கள். அந்த வில் தெரிந்துவிட்டால் கோணத்தின் அளவும் தெரிந்துவிடும். கீழே உள்ள ஏழு வினாக்களும் இந்த இரண்டு வழக்கங்களைச் சோதிப்பவை.

வினாக்களுக்குப் போகும் முன் சொற்களை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வோம். வட்டத்தின் மேலுள்ள இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டுத்துண்டு நாண். அந்த இரு புள்ளிகளும் வட்டத்தை இரண்டு விற்களாகப் பிரிக்கின்றன: ஒன்று சிறிய வில், மற்றது பெரிய வில். வட்டத்தை ஒரே ஒரு புள்ளியில் தொட்டுச் செல்லும் கோடு தொடுகோடு. தொடும் இடம் தொடுபுள்ளி. வட்டத்தின் மேல் ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து இரண்டு நாண்கள் வரைந்தால் அவற்றுக்கு நடுவே உண்டாவது பரிதிக் கோணம். அந்தக் கோணத்தின் உள்ளே, எதிர்ப்பக்கத்தில் அகப்படும் வில்தான் அது பார்க்கும் வில்.

காம்பஸ், ஸ்கேல், கோணமானி மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வினாவுக்கும் முதலில் படம் போடுங்கள். விடையை எழுதிய பிறகு விளக்கத்துக்கு வாருங்கள்.

வினாக்கள்

1. ஆரம் 13 செ.மீ. உள்ள வட்டத்தில் 24 செ.மீ. நீளமுள்ள ஒரு நாண் இருக்கிறது. மையத்திலிருந்து அது எவ்வளவு தூரத்தில் உள்ளது?

2. அதே வட்டத்தில் 24 செ.மீ., 10 செ.மீ. நீளமுள்ள இரண்டு நாண்கள் ஒன்றுக்கொன்று இணையாக உள்ளன. அவற்றுக்கு இடையே உள்ள தூரம் என்ன?

3. O என்பது வட்டத்தின் மையம். A, B வட்டத்தின் மேல் உள்ளன. ∠AOB = 100°. A, B தவிர்த்து வட்டத்தின் மேல் C என்ற புள்ளியை எடுத்தால் ∠ACB எவ்வளவு?

4. O மையம், AB ஒரு நாண். ∠OAB = 35°. பெரிய வில்லின் மேல் C இருக்கிறது. ∠ACB எவ்வளவு?

5. ஆரம் 3 செ.மீ. உள்ள வட்டத்தின் மையம் O. மையத்திலிருந்து 5 செ.மீ. தூரத்தில் P இருக்கிறது. P-யிலிருந்து வட்டத்துக்கு வரையும் தொடுகோட்டின் நீளம் என்ன? அதை வரையும்போது OP-க்கு மையக்குத்துக்கோடு வரைவது எதற்காக?

6. AB விட்டம். C வட்டத்தின் மேல் ஒரு புள்ளி. ∠CAB = 32°. C-யில் ஒரு தொடுகோடு வரைந்தால், அது CB-யுடன் உண்டாக்கும் குறுங்கோணம் எவ்வளவு? CA-வுடன் உண்டாக்கும் குறுங்கோணம் எவ்வளவு?

7. P என்ற வெளிப்புள்ளியிலிருந்து வரைந்த தொடுகோடுகள் வட்டத்தை A, B-யில் தொடுகின்றன. ∠APB = 70°. பெரிய வில்லின் மேல் C இருக்கிறது. ∠ACB எவ்வளவு? இரண்டு வழிகளில் கண்டுபிடியுங்கள்.

விடைகளும் விளக்கமும்

1. விடை: 5 செ.மீ.

மையத்திலிருந்து நாணுக்கு ஒரு செங்குத்துக்கோடு இறக்குங்கள். அது நாணைச் சரிபாதியாக வெட்டும். பிறகு நாணின் ஒரு முனையை மையத்தோடு இணைத்து ஓர் ஆரம் வரையுங்கள். இப்போது ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கிறது. அதில் கர்ணம் ஆரம், 13. ஒரு பக்கம் பாதி நாண், 12. மூன்றாவது பக்கம்தான் நாம் தேடும் தூரம். 13² − 12² = 169 − 144 = 25. ஆகவே தூரம் 5 செ.மீ.

செங்குத்துக்கோடு நாணைச் சரிபாதியாக வெட்டும் என்று எப்படிச் சொல்கிறோம்? நாணின் இரு முனைகளுக்கும் ஆரம் வரைந்து பாருங்கள். இரண்டு ஆரங்களும் சமம் என்பதால் அது இருசமபக்க முக்கோணம். அதன் உச்சியிலிருந்து இறங்கும் செங்குத்துக்கோடு அடிப்பக்கத்தை இரு சம பாகமாகத்தான் வெட்டும்.

இந்தக் கணக்கில் அடிக்கடி நேரும் தவறு, 12-க்குப் பதிலாக 24-ஐப் போட்டுவிடுவது. அப்படிப் போட்டால் 169 − 576 என்று வந்து குறை எண் கிடைக்கும். வர்க்கமூலத்துக்குள் குறை எண் வந்தால், நாணைப் பாதியாக்க மறந்துவிட்டோமா என்று முதலில் பாருங்கள். ஆனால் எல்லாக் கணக்கிலும் இந்த எச்சரிக்கை கிடைக்காது. அதே வட்டத்தில் நாண் 10 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், பாதியாக்காமல் விட்டாலும் 169 − 100 = 69 என்று மிகை எண்ணே வரும்; தவறு கண்ணில் படாமல் போய்விடும். அதனால் படத்திலேயே நாணின் இரு பாதிகளுக்கும் அளவைத் தனித்தனியாகக் குறித்துவிடுவது நல்லது.

2. விடை: 7 செ.மீ. அல்லது 17 செ.மீ.

24 செ.மீ. நாண் மையத்திலிருந்து 5 செ.மீ. தூரத்தில் இருப்பதை முதல் வினாவில் கண்டோம். 10 செ.மீ. நாணுக்குப் பாதி 5; 13² − 5² = 144; எனவே அது மையத்திலிருந்து 12 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. நீளம் கூடிய நாண் மையத்துக்குப் பக்கத்திலும், நீளம் குறைந்த நாண் மையத்தைவிட்டுத் தள்ளியும் இருக்கும். விடை பொருந்துகிறதா என்று பார்க்க இது ஒரு எளிய அடையாளம்.

இரண்டு நாண்களும் மையத்துக்கு ஒரே பக்கத்தில் இருந்தால் இடைவெளி 12 − 5 = 7 செ.மீ. மையம் அவற்றுக்கு நடுவில் இருந்தால் 12 + 5 = 17 செ.மீ. நாண்கள் எந்தப் பக்கத்தில் உள்ளன என்று வினாவில் சொல்லவில்லை. ஆகையால் இரண்டையும் எழுதினால்தான் விடை முழுமையாகும். நாம் முதலில் போட்ட படத்தில் நாண்கள் எப்படி அமைந்தனவோ, அதுவே ஒரே வழி என்று மனம் நம்பிவிடும். ஒரு படம் போட்டு முடித்ததும், வினாவில் சொன்னதை மீறாமல் இன்னொரு படம் போட முடியுமா என்று பாருங்கள். அடுத்த வினாவுக்கும் அதே கேள்வி தேவைப்படும்.

3. விடை: C பெரிய வில்லில் இருந்தால் 50°, சிறிய வில்லில் இருந்தால் 130°.

5 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் போட்டு, மையத்தில் 100° குறித்து A, B இரண்டையும் அமையுங்கள். பெரிய வில்லின் மேல் மூன்று இடங்களில் C-யைக் குறியுங்கள்: ஒன்று A-க்குப் பக்கத்தில், ஒன்று நடுவில், ஒன்று B-க்குப் பக்கத்தில். மூன்று இடங்களிலும் கோணமானியை வைத்து அளந்தால், பென்சில் முனையின் தடிமனால் வரும் சிறு வித்தியாசம் தவிர, 50° என்றே வரும். முக்கோணத்தின் உருவம் இடத்துக்கு இடம் மாறுகிறது, பக்கங்களின் நீளம் மாறுகிறது, அந்தக் கோணம் மட்டும் மாறவில்லை. காரணம், மூன்று இடங்களிலிருந்தும் C பார்ப்பது ஒரே வில்லை: 100° மையக் கோணம் கொண்ட சிறிய வில்லை. பரிதிக் கோணம், தான் பார்க்கும் வில்லின் மையக் கோணத்தில் பாதி.

ஏன் சரியாகப் பாதி? இங்கும் ஆரம்தான் பதில் சொல்கிறது. C நடுவில் இருக்கும் படத்தை எடுத்துக்கொண்டு, C-யையும் O-வையும் இணைத்து அந்தக் கோட்டை D வரை நீட்டுங்கள். OA, OC இரண்டும் ஆரங்கள். ஆகவே OAC இருசமபக்க முக்கோணம். அதில் ∠OCA, ∠OAC இரண்டும் சமம். அந்த முக்கோணத்தின் வெளிக்கோணம் ∠AOD. வெளிக்கோணம் எதிரே உள்ள இரு உட்கோணங்களின் கூடுதல் என்பதால், ∠AOD என்பது ∠OCA-வைப் போல் இரு மடங்கு. மறுபக்கத்திலும் அதே கதைதான்: ∠BOD என்பது ∠OCB-யைப் போல் இரு மடங்கு. இரண்டையும் கூட்டினால் ∠AOB என்பது ∠ACB-யைப் போல் இரு மடங்கு என்று வந்துவிடுகிறது. C ஓரமாக நகர்ந்து, மையம் முக்கோணத்துக்கு வெளியே போய்விட்டால், கூட்டுவதற்குப் பதில் கழிக்க வேண்டும், முடிவு அதேதான்.

இப்போது C-யைச் சிறிய வில்லின் மேல் கொண்டுவாருங்கள். அங்கிருந்து அது பார்ப்பது எதிரே உள்ள பெரிய வில்லை. பெரிய வில்லின் மையக் கோணம் 360° − 100° = 260°. அதில் பாதி 130°. இங்கேயும் 50° என்று எழுதுவதுதான் பரிதிக் கோணக் கணக்குகளில் அதிகம் நடக்கும் தவறு. அதைப் பிடிக்கக் கோணமானிகூட வேண்டாம். C சிறிய வில்லில் இருக்கும் முக்கோணத்தைப் பார்த்தாலே, C-யில் உள்ள கோணம் செங்கோணத்தைவிட அகலமாக விரிந்திருப்பது தெரியும்.

50°-யையும் 130°-யையும் கூட்டினால் 180°. இது எப்போதும் அப்படித்தான் வரும்; இரண்டு விற்களின் மையக் கோணங்களும் சேர்ந்து 360° என்பதால், அவற்றின் பாதிகள் சேர்ந்து 180°. வட்ட நாற்கரத்தின் எதிர்க்கோணங்களின் கூடுதல் 180° என்ற தேற்றத்தைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இல்லை. அது இங்கேயே இருக்கிறது.

4. விடை: 55°

OA = OB. எனவே ∠OBA-வும் 35°. முக்கோணத்தில் மீதி ∠AOB = 180° − 70° = 110°. C பார்ப்பது சிறிய வில்லை, அதன் மையக் கோணம் 110°, பாதி 55°.

கொடுத்த 35°-ஐ இரு மடங்காக்கி 70° என்றோ, பாதியாக்கி 17.5° என்றோ எழுதுபவர்கள் உண்டு. பாதியாக்கும் விதி O-வில் உள்ள கோணத்துக்கு மட்டுமே பொருந்தும். 35° இருப்பது A-யில். அதன் ஒரு கை OA. OA நாண் இல்லை, ஆரம். ஆகவே அது பரிதிக் கோணமும் இல்லை, மையக் கோணமும் இல்லை. அதை முதலில் மையக் கோணமாக மாற்றிக்கொண்ட பிறகுதான் பாதியாக்க முடியும். எண்ணைப் பார்த்ததும் கை வைக்காமல், அந்தக் கோணத்தின் உச்சி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டால் இந்தத் தவறு நேராது.

5. விடை: 4 செ.மீ.; செங்கோணம் அமைப்பதற்காக.

தொடுபுள்ளியை A என்று வைத்து, OA என்ற ஆரத்தை வரையுங்கள். தொடுபுள்ளிக்கு வரையும் ஆரம் தொடுகோட்டுக்குச் செங்குத்தாக இருக்கும். தொடுகோட்டின் மேல் A தவிர்த்த மற்ற எல்லாப் புள்ளிகளும் வட்டத்துக்கு வெளியே இருப்பதால், அந்தக் கோட்டில் மையத்துக்கு மிக அருகில் உள்ள புள்ளி A-தான். ஒரு புள்ளியிலிருந்து ஒரு கோட்டுக்கு மிகக் குறைந்த தூரம் செங்குத்துத் தூரம். அதனால்தான் OA செங்குத்தாகிறது.

ஆக, செங்கோணம் A-யில் இருக்கிறது, கர்ணம் OP. PA² = 5² − 3² = 16; PA = 4 செ.மீ. செங்கோணம் எங்கே என்று பார்க்காமல் 25 + 9 = 34 என்று கூட்டினால் சுமார் 5.8 செ.மீ. வரும். தொடுகோட்டின் நீளம் OP-யைவிடக் கூடுதலாக வந்தால் அது தவறு என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம். கர்ணத்தைவிட நீளமான பக்கம் செங்கோண முக்கோணத்தில் கிடையாது.

இனி, வரைவதைப் பார்ப்போம். O-வை மையமாக வைத்து 3 செ.மீ. ஆரத்தில் வட்டம் போடுகிறோம். 5 செ.மீ. தள்ளி P-யைக் குறிக்கிறோம். OP-க்கு மையக்குத்துக்கோடு வரைந்து நடுப்புள்ளி M-ஐக் கண்டுபிடிக்கிறோம். M-ஐ மையமாகவும் MO-வை ஆரமாகவும், அதாவது 2.5 செ.மீ. வைத்து இன்னொரு வட்டம் போடுகிறோம். அது முதல் வட்டத்தை A, B என்ற இரு இடங்களில் வெட்டும். PA, PB-யை இணைத்தால் தொடுகோடுகள் தயார். இந்தப் படிகளைப் பல மாணவர்கள் பிழையில்லாமல் செய்வார்கள். இரண்டாவது வட்டம் எதற்கு என்று கேட்டால்தான் தயங்குவார்கள்.

அந்த வட்டத்தின் விட்டம் OP. A அந்த வட்டத்தின் மேலும் இருக்கிறது. A-யிலிருந்து பார்த்தால் O-வும் P-யும் விட்டத்தின் இரு முனைகள், அது பார்ப்பது அரைவட்டத்தை, அரைவட்டத்தின் மையக் கோணம் 180°, பாதி 90°. ஆகவே ∠OAP செங்கோணம். ஆரத்துக்கு A-யில் செங்குத்தாக வரும் கோடுதான் தொடுகோடு. தேவையான செங்கோணத்தை இரண்டாவது வட்டம் நமக்கு அமைத்துத் தருகிறது. அந்த வட்டத்துக்கு மையம் வேண்டும், அதற்காகத்தான் மையக்குத்துக்கோடு.

வரைந்தபின் PA-வை அளந்து பாருங்கள். சரிபார்த்தல் பகுதியில் கணக்கிட்ட 4 செ.மீ.-யோடு அது ஒத்துவர வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால், மையக்குத்துக்கோடு சற்றுச் சாய்ந்திருக்கும், அல்லது வரையும்போது காம்பஸ் தளர்ந்து ஆரம் மாறியிருக்கும். PA, PB இரண்டையும் அளந்தால் எது என்று ஓரளவு தெரியும். வெளிப்புள்ளியிலிருந்து வரையும் இரு தொடுகோடுகளும் சம நீளம். அவை ஒன்றுக்கொன்று மாறுபட்டால், M அநேகமாக OP-யின் மேல் விழவில்லை.

P வட்டத்தின் மேலேயே இருந்தால் ஒரே ஒரு தொடுகோடுதான் வரையலாம். உள்ளே இருந்தால் ஒன்றுகூட வரைய முடியாது. OP = 2 என்று வைத்து 4 − 9 போட்டுப் பாருங்கள்; சூத்திரமும் முடியாது என்றுதான் சொல்லும்.

6. விடை: CB-யுடன் 32°, CA-வுடன் 58°.

AB விட்டம் என்பதால் ∠ACB = 90°. ஆகவே ∠ABC = 180° − 90° − 32° = 58°. இனி தொடுகோட்டுக்கு வருவோம். தொடுகோட்டுக்கும் நாணுக்கும் இடையே உள்ள கோணம், அந்த நாண் மாற்று வட்டத்துண்டில் உண்டாக்கும் கோணத்துக்குச் சமம். CB என்ற நாணுக்கு மறுபக்கத்தில் உள்ள கோணம் ∠CAB, 32°. CA என்ற நாணுக்கு மறுபக்கத்தில் உள்ளது ∠ABC, 58°. C-யில் தொடுகோட்டின் ஒரு பக்கமாக மூன்று கோணங்கள் அடுத்தடுத்து அமைகின்றன: 32°, 90°, 58°. கூட்டினால் 180°, அதாவது ஒரு நேர்கோடு. உங்கள் மூன்று எண்களும் 180° தரவில்லை என்றால் எங்கோ பிசகியிருக்கிறது.

இந்த வினாவில் 32°-ஐயும் 58°-ஐயும் இடம் மாற்றி எழுதுவது சகஜம். அதைத் தவிர்க்கவும் வில்தான் வழி. தொடுகோட்டுக்கும் CB-க்கும் நடுவே அகப்படுவது CB என்ற வில். வட்டத்தின் மேல் அதே வில்லைப் பார்க்கும் கோணம் எது? A-யில் உள்ளது. ஆகவே விடை A-யில் உள்ள 32°. "மாற்று" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு எந்தப் பக்கம் என்று தேடுவதைவிட, எந்த வில் என்று கேட்பது எளிது.

தொடுகோடு எப்படிப் பரிதிக் கோணத்தின் விதிக்குள் வந்தது? மூன்றாம் வினாவின் படத்துக்குத் திரும்பிப் போங்கள். பெரிய வில்லின் மேல் C-யை A-யை நோக்கி மெல்ல நகர்த்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ∠ACB 50°-ஆகவே இருக்கிறது. C நெருங்க நெருங்க, CB என்ற கோடு AB-யை ஒட்டிவருகிறது. CA என்ற நாண் சிறுத்துக்கொண்டே போகிறது. அதை நீட்டி வரைந்த கோடு, வட்டத்தை வெட்டும் இரு புள்ளிகளும் ஒன்றை ஒன்று நெருங்க, A-யில் வட்டத்தைத் தொடும் கோடாக மாறிக்கொண்டு வருகிறது. C, A-யோடு சேரும் கணத்தில் கோணத்தின் ஒரு கை தொடுகோடு, மறு கை நாண் AB. அளவு அதே 50°. தொடுகோடு–நாண் கோணம் என்பது பரிதிக் கோணத்தின் கடைசி நிலை.

இதை உறுதியாக நிறுவ ஒரு விட்டம் போதும். A-யிலிருந்து AD என்ற விட்டத்தை வரையுங்கள். ∠ABD = 90° என்பதால் ∠ADB, ∠DAB இரண்டும் சேர்ந்து 90°. தொடுகோடு AD-க்குச் செங்குத்து என்பதால், தொடுகோட்டுக்கும் AB-க்கும் நடுவிலுள்ள கோணமும் ∠DAB-யும் சேர்ந்து 90°. இரண்டு இடத்திலும் ∠DAB பொதுவாக இருப்பதால், மீதியிருப்பவை சமம். கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் தொகுத்த 'எலிமென்ட்ஸ்' நூலின் மூன்றாம் பாகம் முழுவதும் வட்டம் பற்றியது. அதன் 37 கூற்றுகளில் 20-வது மையக் கோணம் இரு மடங்கு என்பது, 31-வது அரைவட்டக் கோணம் செங்கோணம் என்பது, 32-வது இந்தத் தொடுகோடு–நாண் கூற்று. முன்னதை வைத்துப் பின்னதை நிறுவும் அந்த ஒழுங்கில்தான் நாமும் இப்போது வந்திருக்கிறோம்.

7. விடை: 55°

முதல் வழி, ஆரங்களின் வழி. OA, OB இரண்டையும் வரையுங்கள். A-யிலும் B-யிலும் செங்கோணம். OAPB என்ற நாற்கரத்தின் கோணங்களின் கூடுதல் 360°. எனவே ∠AOB = 360° − 90° − 90° − 70° = 110°. C பார்ப்பது சிறிய வில்லை. பாதி 55°.

இரண்டாவது வழியில் மையமே தேவையில்லை. PA = PB என்பதால் PAB இருசமபக்க முக்கோணம். ∠PAB = (180° − 70°) ÷ 2 = 55°. இது தொடுகோடு PA-வுக்கும் நாண் AB-க்கும் நடுவிலுள்ள கோணம். அதற்குள் அகப்படுவது சிறிய வில். அதே வில்லைத்தான் C-யும் பார்க்கிறது. ஆகவே ∠ACB = 55°.

இங்கே 35° என்று எழுதியிருந்தால், P-யில் உள்ள 70°-ஐ மையக் கோணமாக எடுத்துப் பாதியாக்கியிருக்கிறீர்கள். P வட்டத்துக்கு வெளியே இருக்கும் புள்ளி. பாதியாக்கும் விதி அங்கே செல்லாது. C பெரிய வில்லில் என்று வினாவில் சொல்லியிருப்பதையும் கவனியுங்கள். சிறிய வில்லில் இருந்திருந்தால் விடை 180° − 55° = 125°. இரண்டு வழிகளிலும் ஒரே எண் வந்தால், படிகளில் பிழை இல்லை என்று துணிந்து அடுத்த கணக்குக்குப் போகலாம்.

உங்கள் தாளைத் திருத்தும்போது

ஏழில் எத்தனை சரி என்பதைவிட, எவை தவறு என்று பாருங்கள். 1-ம் 5-ம் தவறு என்றால் செங்கோணம் எங்கே இருக்கிறது என்பதில் குழப்பம். நாண் கணக்கில் அது நாணின் நடுப்புள்ளியில் இருக்கும். தொடுகோட்டுக் கணக்கில் தொடுபுள்ளியில் இருக்கும். அந்த இடத்தில் சிறு சதுரக் குறி போட்ட பிறகே பிதாகரஸ் தேற்றத்தை எடுங்கள்.

2-லும் 3-லும் ஒரு விடையை மட்டும் எழுதியிருந்தால் தேற்றம் உங்களுக்குத் தெரியும், இன்னொரு படம் போட்டுப் பார்க்கவில்லை. 4-ம் 7-ம் தவறு என்றால் கோணத்தின் உச்சியைக் கவனிக்காமல் எண்ணைப் பாதியாக்கியிருப்பீர்கள். உச்சி மையத்திலா, வட்டத்தின் மேலா, வெளியிலா என்று படத்தின் ஓரத்தில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள். 6-ல் எண்கள் இடம் மாறியிருந்தால், அந்தக் கோணம் பார்க்கும் வில்லை வண்ணப் பென்சிலால் தடித்து வரைந்து, அதே வில்லைப் பார்க்கும் இன்னொரு கோணத்தைத் தேடுங்கள்.

தவறிய வினாவை எண்களை மாற்றி நீங்களே அமைத்து மறுபடி போடுங்கள். ஏழாம் வினாவில் 70°-க்குப் பதிலாக 40° என்று வைத்தால் ∠ACB 70° வரவேண்டும். 90° என்று வைத்தால் 45° வரவேண்டும். அப்போது ∠APB கூடினால் ∠ACB குறைவதையும் காண்பீர்கள். அது ஏன் அப்படி என்பதை எட்டாவது வினாவாக எடுத்துக்கொள்ளுங்கள். P வட்டத்தை நெருங்கும்போது சிறிய வில்லுக்கு என்ன ஆகிறது என்று படத்தில் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.